முதல் மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கன்சல்டன்சிக்காரரிடம் கேட்கலாமா?

கேள்வி: "அக்கா, தண்டையார்பேட்டையில் இருக்கேன். பி.காம் முடிச்சுட்டு ரெண்டு வருஷமா ஒரு சி.எஃப்.எஸ்ஸில், அதாவது கன்டெய்னர் சரக்கு யார்டில், டேட்டா என்ட்ரி. இப்போ பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் இம்போர்ட் டாக்குமென்டேஷன் வேலைக்குக் கன்சல்டன்சியில் இருந்து ஒரு மேடம் பேசினாங்க. அடுத்தது மேனேஜர் இன்டர்வியூ. 'ஏதாவது கேக்கணுமா'ன்னு கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் வரல. முதல் மூணு மாசத்துல நான் என்ன செஞ்சு காட்டணும்னு அவங்ககிட்ட கேக்கலாமா? கேட்டா பயப்படுறான்னு நெனைப்பாங்களா?"

பதில்:

தாராளமாகக் கேளுங்கள். ராஜாஜி சாலையிலும் மண்ணடிப் பக்கமும் ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற வேலையில்தான் நான் பல வருஷமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக ஒருவரைக் கழித்துக்கட்டியதை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பேசியவர் கன்சல்டன்சி ஆள், கம்பெனி ஆள் இல்லை. அவருக்கு உங்கள்மேல் எதனால் அக்கறை, அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

அக்கறை நிஜமாகவே உண்டு. பெரும்பாலான கன்சல்டன்சிகள் கம்பெனியிடம் வாங்குவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அந்த ஒப்பந்தத்தில் கூடவே 'ரீப்ளேஸ்மென்ட்' என்று ஒரு வரி இருக்கும். சேர்ந்தவர் குறிப்பிட்ட நாளுக்குள் விலகினாலோ கம்பெனியே அனுப்பிவிட்டாலோ, பணம் வாங்காமல் இன்னொரு ஆளைத் தேடித் தர வேண்டும். அந்தக் கெடு பல இடங்களில் 90 நாள். நீங்கள் எண்பதாவது நாளில் "இது சரிப்பட்டு வராது" என்று எழுந்து போனால் அந்த மேடத்துக்கு இரட்டை வேலை. அதனால் முதல் மூன்று மாதத்தைப் பற்றி நீங்கள் கேட்பது அவருக்குத் தொந்தரவு இல்லை. நின்று வேலை பார்க்கிற ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தெரிந்திருக்கிறதா என்பது வேறு கதை. அவர் கையில் இருப்பது கம்பெனி அனுப்பிய அரைப்பக்க வேலை விவரம், ஜே.டி. "டைனமிக் ஆளாக இருக்கணும், பிரஷர் ஹேண்டில் பண்ணணும்" என்ற ரகம். அவரிடம் நேராக "மூன்று மாதத்தில் என்ன சாதிக்கணும்" என்று கேட்டால் அதையே கொஞ்சம் மாற்றிப் படித்துக் காட்டுவார். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் மேனேஜர் உங்களிடம் சொல்லாத சில விஷயங்கள் அவருக்குத் தெரியும். அந்த இடம் ஏன் காலியானது? எத்தனை நாளாகக் காலி? இதே ஆபீஸுக்கு முன்பு ஆள் கொடுத்திருக்கிறாரா, அவர்கள் இன்னும் இருக்கிறார்களா? இவற்றை அவரிடமே நேரடியாகக் கேளுங்கள். இரண்டு மாதமாகக் காலியாக இருக்கும் இடம் என்றால் அங்கே வேலை குவிந்து கிடக்கும், கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. அது தெரிந்தாலே முதல் மாதம் எப்படி இருக்கும் என்று பாதி புரிந்துவிடும். மீதிக்கு, அவர் மூலமாக மேனேஜரிடம் கேள்வியை அனுப்ப வேண்டும்.

போனில் சொன்னால் அவர் மறந்துவிடுவார், அல்லது தன் வார்த்தையில் மாற்றிக் கேட்பார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்யக்கூடிய மாதிரி இருக்க வேண்டும். உதாரணமாக:

"மேடம், மேனேஜர் சார்கிட்ட இதைக் கேட்டுச் சொல்ல முடியுமா? சேர்ந்து மூணு மாசம் முடியும்போது நான் தனியா என்னென்ன வேலை முடிக்கணும்னு எதிர்பாக்குறாங்க? அதுவரைக்கும் நான் போடற செக்லிஸ்ட்டை யார் பாத்துத் தருவாங்க? முன்னாடி அந்த சீட்ல இருந்தவர் ஹேண்டோவர் குடுப்பாரா? இன்டர்வியூவுக்குத் தயாராக உதவியா இருக்கும். நன்றி மேடம்."

இதில் "தனியா" என்ற வார்த்தையை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "எல்லா வேலையும் கத்துக்கணும்" என்று மழுப்பலாகத்தான் பதில் வரும். சம்பளப் பேச்சை இதே மெசேஜில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அவர் அதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்.

சரி, பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் அது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "முதல் மாசம் டிரெய்னிங். ரெண்டாவது மாசத்துல இருந்து ஒரு நாளைக்குப் பத்து பி.இ. மூணாவது மாசம் இண்டிபென்டன்ட்டா பண்ணணும்." கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

பத்து பி.இ., அதாவது இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் ஃபைல் செய்கிற பில் ஆஃப் என்ட்ரி பத்து என்கிறார்களே, எப்படிப்பட்ட பத்து? ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஒன்றுக்கு அதே சப்ளையரிடமிருந்து அதே உதிரிபாகம் வாராவாரம் வருகிறது என்றால், பழைய ஜாபை காப்பி எடுத்து இன்வாய்ஸ் நம்பர், தேதி, எடை, அளவு, மதிப்பை மாற்றிச் சரிபார்த்தால் முடிந்தது. இரண்டாவது மாதத்தில் அப்படிப் பத்து போடுவது சாத்தியம்தான். அதுவே காசி செட்டித் தெரு வியாபாரி ஒருவர் சீனாவிலிருந்து ஃபேன்சி சாமான் இறக்குகிறார் என்றால், ஒரே இன்வாய்ஸில் அறுபது அயிட்டம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விவரம், பொருளை வகைப்படுத்துகிற தனி எச்.எஸ். கோடு, தனி வரி. அப்படி ஒன்றே ஒரு நாளைச் சாப்பிட்டுவிடும். அதனால் "எத்தனை பி.இ." என்ற எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "பெரும்பாலும் ரிப்பீட் கஸ்டமரா, டிரேடரா? ஒரு பி.இ.யில் சராசரியா எத்தனை அயிட்டம் வரும்?" என்று கேளுங்கள். இதை மேடத்திடம் கேட்பதைவிட மேனேஜர் இன்டர்வியூவில் கேட்பதே நல்லது. கேட்ட உடனேயே உங்களுக்கு வேலை தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். சி.எஃப்.எஸ்ஸில் இருந்து வருகிற ஆளுக்கு இது நல்ல வாய்ப்பு.

அடுத்தது "டிரெய்னிங்". பாரிமுனை ஆபீஸ்களில் இதற்கென்று வகுப்பெல்லாம் கிடையாது. சீனியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதுதான் டிரெய்னிங். அந்த சீனியர் யார், அவருக்கே ஒரு நாளைக்கு எத்தனை ஜாப் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் எவ்வளவு கற்றுக்கொள்வீர்கள் என்பது இருக்கிறது. பேரைக் கேளுங்கள். "டீம் இருக்காங்க, பாத்துப்பாங்க" என்று சொன்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது வார்த்தைதான் ஆபத்தானது: "இண்டிபென்டன்ட்". நடைமுறை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் வைத்து சாஃப்ட்வேரில் ஜாப் போட்டு செக்லிஸ்ட், அதாவது பி.இ.யின் வரைவு, எடுக்கிறோம். அது இம்போர்ட்டருக்குப் போய் ஓகே ஆகி வருகிறது. டாக்குமென்ட்களைக் கஸ்டம்ஸின் ஆன்லைன் ஆவண வசதியான இ-சஞ்சித்தில் ஏற்றுகிறோம். பிறகு புரோக்கரின் டிஜிட்டல் சிக்னேச்சர் போட்டு கஸ்டம்ஸின் ICEGATE தளம் வழியாக ஃபைல் செய்கிறோம். இந்த வரிசையில் உங்கள் செக்லிஸ்ட்டை ஒரு சீனியர் கண்ணால் பார்க்கிற படி எங்கே இருக்கிறது? மூன்றாவது மாதத்தில் அந்தப் படியை எடுத்துவிடுவார்களா? "இண்டிபென்டன்ட்" என்றால் சில ஆபீஸில் "கஸ்டமரிடம் நீங்களே பேசணும்" என்று பொருள். சில ஆபீஸில் "சிக்னேச்சர் டோக்கன் உங்கள் சிஸ்டத்தில் சொருகி இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று பொருள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் தப்புக்கு உடனே ஒரு தொகை வந்து நிற்கும். 2021இல் விதி மாறிய பிறகு, கடல்வழிச் சரக்கு பெரும்பாலானவற்றுக்குக் கப்பல் வருகிற நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பி.இ. ஃபைல் ஆகிவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். நான்கு நாள் தாமதம் என்றால் 25,000 ரூபாய். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். நம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. சென்னைத் துறைமுகம் INMAA1, காட்டுப்பள்ளி INKAT1, எண்ணூர் INENR1 என்று மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கஸ்டம்ஸுக்கு வேறு வேறு இடம். பழைய ஜாபை காப்பி எடுத்து, கப்பல் இந்தத் தடவை காட்டுப்பள்ளிக்கு வருகிறது என்பதைக் கவனிக்காமல் ஃபைல் செய்துவிட்டால், அதைச் சரிசெய்வதற்குள் நாள் ஓடிவிடும். கன்டெய்னர் யார்டில் கிடந்து, அதைத் தாமதமாகத் திருப்புவதற்கான டிட்டென்ஷன் கட்டணம் தனியாக ஏறும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "முதல் மூணு மாசத்துல என் பக்கம் தப்பு வந்து லேட் ஃபீ விழுந்தா ஆபீஸ்ல எப்படி டீல் பண்ணுவாங்க?" இதைக் கன்சல்டன்சி மேடத்திடமே கேட்கலாம். மேனேஜரைவிட அவரிடம் கேட்பது சுலபம். பதிலும் பெரும்பாலும் உண்மையாக வரும். ஏனென்றால் சம்பளத்தில் பிடித்ததால் ஆள் நின்றுபோன கதை இருந்தால், அந்த ரீப்ளேஸ்மென்ட் வேலை அவர் தலையில்தான் விழுந்திருக்கும். "அந்த மாதிரி எல்லாம் இல்லம்மா" என்று உடனே சொல்கிறாரா, கொஞ்சம் இழுக்கிறாரா என்று பாருங்கள். இழுத்தால் மேனேஜரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், 'குவரி'. 2020இல் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் வந்த பிறகு, உங்கள் பி.இ.யைப் பார்க்கிற அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். முன்பு மாதிரி கஸ்டம்ஸ் ஹவுஸ் மாடி ஏறி நேரில் விளக்கிவிட்டு வர முடியாது. அவர் ஆன்லைனில் கேள்வி போடுவார், நாம் எழுத்தில் பதில் போட வேண்டும். "இந்தப் பொருளை ஏன் இந்தக் கோடில் போட்டீர்கள்" என்று ஒரு குவரி வந்தால், அதற்குச் சரியாக ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதத் தெரியாமல் இரண்டு நாள் போகும். இந்தப் பதிலை எழுதுவது மூன்று மாதத்துக்குள் உங்கள் வேலையா, சீனியர் வேலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜே.டி.யில் இது ஒருபோதும் இருக்காது.

என்னைக் கேட்டால், உங்கள் அனுபவத்துக்கு நியாயமான எதிர்பார்ப்பு இவ்வளவுதான். முதல் மாத முடிவில் ரிப்பீட் கஸ்டமர்களுக்குத் திருத்தம் அதிகம் வராத செக்லிஸ்ட் போட வேண்டும். இரண்டாவது மாதத்தில் இரண்டு மூன்று கஸ்டமர்களின் ஜாப்களைத் தொடக்கம் முதல் சரக்கை விடுவிக்கிற அவுட் ஆஃப் சார்ஜ் உத்தரவு வரை நீங்களே தொடர்ந்து பார்க்க வேண்டும். மூன்றாவது மாத முடிவில் அந்தக் கஸ்டமர்களுக்கு யாரும் நினைவுபடுத்தாமல் வேலை நடக்க வேண்டும். புதுப் பொருள் வந்தால் மட்டும் சீனியரிடம் காட்ட வேண்டும். எச்.எஸ். கோடை நீங்களே முடிவு செய்ய வேண்டும் என்று மூன்று மாதத்துக்குள் எதிர்பார்த்தால் அது நியாயமில்லை. பல வருஷம் பழகியவர்களே அதில் தடுமாறுவார்கள். அதே சமயம், கப்பலின் சரக்குப் பட்டியலான ஐ.ஜி.எம்.மின் நம்பர், லைன் நம்பர் தேடுவது, கன்டெய்னர் எந்த யார்டில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது, டெலிவரி ஆர்டர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சி.எஃப்.எஸ்ஸில் போன் போட்டு விசாரிப்பது இதெல்லாம் உங்களுக்கு முதல் நாளே தெரியும். ஆபீஸிலேயே இருக்கிற டாக்குமென்டேஷன் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. இன்டர்வியூவில் மேனேஜர் எதிர்பார்ப்பைச் சொல்லும்போது, "இந்தப் பகுதியை முதல் வாரத்துலேயே நான் எடுத்துக்குறேன் சார், அயிட்டம் வகைப்படுத்தறதுக்கு மட்டும் கொஞ்ச நாள் கூட யாராவது பாக்கணும்" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் மூன்று மாதக் கணக்கில் உங்கள் வார்த்தையும் சேர்ந்துவிடும்.

சில பதில்களைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். "டார்கெட் எல்லாம் ஒண்ணும் இல்ல, ஃப்ரீயா இருக்கலாம்" என்பது கேட்க இனிமை. ஆனால் எதை வைத்து உங்களை அளப்பார்கள் என்று முடிவு செய்யாத இடத்தில், மூன்றாவது மாதம் மேனேஜரின் மனநிலைதான் அளவுகோல். "கஸ்டமர் கோஆர்டினேஷனும் இருக்கும்" என்றால், எத்தனை புதுக் கஸ்டமர் பிடிக்க வேண்டும் என்று ஒரு எண் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று கேளுங்கள். டாக்குமென்டேஷன் என்று சேர்த்து மார்க்கெட்டிங் போன் பேச வைக்கிற ஆபீஸ்கள் உண்டு. "சில சமயம் ஃபீல்டும் பாக்கணும்" என்றால், வாரத்தில் எத்தனை நாள், எந்த டெர்மினல், பெட்ரோல் காசு யார் என்று கேளுங்கள். எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற நாளில் காட்டுப்பள்ளி போய் வந்தால் அன்றைக்கு ஒரு செக்லிஸ்ட்டும் போட முடியாது. ஃபீல்டும் பத்து பி.இ.யும் சேர்ந்து நடக்காது என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, 90 நாளையும் புரொபேஷனையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளாதீர்கள். ஆஃபர் லெட்டரில் பெரும்பாலும் ஆறு மாதப் புரொபேஷன் இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41இன்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்ப முடியாது. அந்த ஆறு மாதத்துக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்று கம்பெனிகள் பார்ப்பது இயல்பு. ஆகவே மூன்றாவது மாதத்தில் ஒரு ரிவ்யூ உண்டா, யார் உட்காருவார், எழுத்தில் தருவார்களா, புரொபேஷன் காலத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று மேடத்திடம் கேளுங்கள். ஆஃபர் லெட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம்தான், யாரையும் கேட்காமலே பதில் சொல்வார்.

மேனேஜர் இன்டர்வியூ முடிந்த அன்றே மேடத்துக்கு ஒரு சின்ன மெயில் போடுங்கள்: "இன்று பேசியபடி, முதல் மாதம் இன்னாருடன் பயிற்சி, இரண்டாவது மாதம் ரிப்பீட் கஸ்டமர்கள், மூன்றாவது மாதம் புதுப் பொருள் தவிர மற்றவை தனியாக என்று புரிந்துகொண்டேன். சரிதானே?" நான்கு வரி போதும். இதைக் கம்பெனிகள் ஆஃபர் லெட்டரில் எழுதித் தர மாட்டார்கள், கேட்டு இழுபறி செய்ய வேண்டாம். ஒரு "யெஸ்" வந்தால் அதுவே போதும். ஐந்தாவது வாரத்தில் திடீரென்று அறுபது அயிட்டம் பி.இ.யைத் தூக்கிப் போட்டு "தனியா முடி" என்றால், எடுத்துக் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்று இருக்கும்.

அந்த மெயிலில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள், எச் கார்டு பற்றி. கஸ்டம்ஸ் புரோக்கரிடம் வேலை செய்கிறவர் கஸ்டம்ஸ் சம்பந்தப்பட்ட இடங்களில் உதவியாளராகப் போய் வர அந்தக் கார்டு வேண்டும், அதற்கு ஆபீஸ்தான் விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை எழுதி ஜி கார்டு வாங்குவது அதற்கு மேற்பட்ட படி. ஃபீல்டுக்கும் அனுப்புவோம் என்று சொல்கிற ஆபீஸ், முதல் மூன்று மாதத்துக்குள் எச் கார்டுக்கு விண்ணப்பித்துத் தருமா என்று கேளுங்கள். உங்களிடம் அவர்கள் 90 நாளில் எதிர்பார்ப்பதைப் போல, அவர்களிடம் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது இது. "கன்ஃபர்ம் ஆன பிறகு பாத்துக்கலாம்" என்றால் அதுவும் ஒரு பதில்தான். அப்படியானால் அதுவரை ஃபீல்டு கிடையாது என்று இன்டர்வியூவிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.